பிசிஓஎஸ்-க்கு ஸ்பியர்மின்ட் டீயா, பட்டைப் பொடியா? சின்ன ஆய்வுகள் சொன்னதும் சொல்லாததும்

பீரியட்ஸ் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் தள்ளிப் போகிறது. தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் ஆழமான, வலிக்கும் பருக்கள் வருகின்றன. ஸ்கேன் எடுத்தால் "பிசிஓடி இருக்கு, எடையைக் குறைங்க" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் ஒரு வீடியோ தினமும் ஸ்பியர்மின்ட் என்ற புதினா வகையில் டீ போட்டுக் குடிக்கச் சொல்கிறது, அடுத்தது வெறும் வயிற்றில் பட்டைத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறது. இரண்டில் எதை எடுப்பது, இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா என்று பல பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரண்டுமே சமையலறைப் பொருட்கள், விலை குறைவு, இரண்டுக்கும் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் இருக்கின்றன.

அந்த ஆய்வுகளைப் படித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ஸ்பியர்மின்ட் டீயைச் சோதித்தவர்கள் அளந்தது வேறு, பட்டையைச் சோதித்தவர்கள் அளந்தது வேறு. ஒன்றில் ரத்தத்தில் உள்ள ஹார்மோனைப் பார்த்தார்கள், இன்னொன்றில் பீரியட்ஸ் எத்தனை முறை வந்தது என்று எண்ணினார்கள். முகப்பருவை இரண்டிலுமே எண்ணவில்லை. அதனால் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், உங்களுக்கு முக்கியமான தொல்லை எது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, நமக்கு வேண்டிய பலனையே ஆய்வில் அளந்தார்களா என்பது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது என்பதும் பரு குறைந்தது என்பதும் ஒன்றல்ல. ஹார்மோன் குறைந்த பிறகு தோலில் மாற்றம் தெரியப் பல வாரம் ஆகும், சில சமயம் தெரியாமலே போகலாம்.

இரண்டாவது, ஒப்பிடுவதற்கு வேறு ஒரு குழு இருந்ததா என்பது. இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த இரண்டு பொருளுக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வே நல்ல உதாரணம். ஹார்மோன் சார்ந்த பருவுக்குத் தோல் மருத்துவர்கள் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். 12 வாரத்தில் மாத்திரை எடுத்தவர்களில் 72 சதவீதம் பேர் பரு குறைந்ததாகச் சொன்னார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களிலும் 68 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள்! வித்தியாசம் 24-வது வாரத்தில்தான் தெளிவானது: 82-க்கு 63. இரண்டு குழுவினரும் வழக்கமான களிம்புகளைப் பூசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள், அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் மூன்று மாதத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரையால் "குறைந்துவிட்டது" என்று தோன்றியிருக்கிறது. பரு மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் நாம் புதிதாக ஒன்றைத் தொடங்குவோம். அதற்குப் பிறகு அது தானாகவே கொஞ்சம் அடங்கும். "மூணு மாசம் குடிச்சேன், முகம் கிளியர் ஆயிடுச்சு" என்று ஒருவர் மனதார, பொய்யில்லாமல் சொல்லலாம். டீதான் காரணம் என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

மூன்றாவது, எத்தனை பேர், எத்தனை நாள், கடைசிவரை எத்தனை பேர் இருந்தார்கள் என்பது. நான்காவது, நம் கடையில் கிடைப்பது ஆய்வில் கொடுத்த அதே பொருள்தானா, அதைத் தினமும் எடுத்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது.

## ஸ்பியர்மின்ட் டீ

ஆய்வில் என்ன நடந்தது. இந்தக் கதை துருக்கியின் இஸ்பார்டா நகரில் தொடங்குகிறது. அந்தப் பக்கத்தில் புதினா டீ நிறையக் குடிக்கும் ஆண்கள் சிலர் தாம்பத்திய ஆர்வம் குறைந்ததாகச் சொன்னது அங்கிருந்த மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. முதலில் எலிகளிடம் சோதித்தார்கள். பிறகு 2007-ல் தேவையற்ற முடி வளர்ச்சி உள்ள 21 பெண்களிடம் நடத்திய சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 12 பேருக்குப் பிசிஓஎஸ் இருந்தது. தினமும் இரண்டு வேளை ஸ்பியர்மின்ட் டீ, ஐந்தே நாள். ரத்தத்தில் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன், அதாவது புரதத்தோடு ஒட்டாமல் தனியாகச் சுற்றும் பகுதி, குறைந்தது. மொத்த டெஸ்டோஸ்டிரோன் குறிப்பிடும்படி குறையவில்லை. ஒப்பிட வேறு குழு கிடையாது.

அடுத்தது 2010-ல் இங்கிலாந்தில் வெளியானது. பிசிஓஎஸ் உள்ள 42 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஸ்பியர்மின்ட் டீ, மறு பாதிக்குக் கெமோமில் பூ டீ, தினம் இரண்டு வேளை, ஒரு மாதம். 41 பேர் கடைசிவரை இருந்தார்கள், இவ்வளவு சின்ன ஆய்வுக்கு அது நல்ல கணக்கு. ஸ்பியர்மின்ட் குழுவில் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனும் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் குறைந்தன. முடி குறைந்ததுபோல இருக்கிறது என்று பெண்களே சொன்னார்கள். ஆனால் உடலின் ஒவ்வொரு பகுதியிலும் முடி வளர்ச்சிக்கு மதிப்பெண் போடும் முறைப்படி பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. முடியின் வளர்ச்சிச் சுற்று நீண்டது, 30 நாளில் அது மாறும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆய்வை நடத்தியவரே காலம் போதவில்லை என்று எழுதியிருக்கிறார்.

பீரியட்ஸுக்கு. ஐந்து நாள், 30 நாள் ஆய்வுகளில் மாதவிடாய் சீரானதா என்று பார்க்கவே வழியில்லை. இரண்டிலும் சினைப்பையைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன்கள் கொஞ்சம் ஏறின. பிசிஓஎஸ்-ல் எல்எச் ஏற்கெனவே அதிகமாக இருப்பது சகஜம். அது இன்னும் ஏறுவதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. "ஸ்பியர்மின்ட் டீ பீரியட்ஸை ரெகுலர் ஆக்கும்" என்ற பேச்சுக்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

பருவுக்கு. நேரடி அளவீடு இல்லை. டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன் குறைந்தால் எண்ணெய்ச் சுரப்பு குறையும், அதனால் பருவும் குறையலாம் என்ற ஊகம் மட்டும் இருக்கிறது. ஊகத்தில் தர்க்கம் உண்டு, தோல் மருத்துவர்கள் ஸ்பைரோனோலாக்டோன் கொடுப்பதும் ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கத்தான். ஆனால் அந்த மாத்திரைக்கே பலன் தெரிய 24 வாரம் ஆனது என்பதைப் பார்த்தோம். டீ அதைவிடச் சீக்கிரம் வேலை செய்யும் என்று நம்ப இடமில்லை.

கடையில் கிடைப்பது. நம் ஊர்ச் சந்தையில் "புதினா" என்று விற்கும் கட்டு எப்போதும் ஒரே செடி அல்ல. ஸ்பியர்மின்ட்டும் வரும், மென்தால் அதிகமுள்ள வேறு வகைகளும் வரும். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுங்கள். நாக்கும் தொண்டையும் ஜில்லென்று ஆனால் அதில் மென்தால் இருக்கிறது. குளிர்ச்சி இல்லாமல், லேசான இனிப்பு கலந்த மூலிகை மணம் மட்டும் வந்தால் ஸ்பியர்மின்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம், அதன் மணம் கார்வோன் என்ற வேறொரு பொருளிலிருந்து வருகிறது. செடியிலும் ஓர் அடையாளம் உண்டு. ஸ்பியர்மின்ட் இலைக்குக் காம்பு இருக்காது, அல்லது இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டையாகத் தண்டோடு ஒட்டி இருக்கும். டீ பை வாங்கினால் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். Mentha spicata என்று இருக்க வேண்டும். வெறும் "மின்ட் டீ" என்று எழுதியிருப்பதில் பெப்பர்மின்ட் இருக்கலாம், கிரீன் டீயும் கலந்திருக்கலாம்.

மறைமுகச் செலவு. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உள்ளவர்களுக்கு அது கூடலாம். கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்களும் கர்ப்பிணிகளும் தினசரி மருந்துபோல இதைக் குடிக்க வேண்டாம் என்பேன். ஆண்ட்ரோஜனைக் குறைக்கும் எதையும் கருவில் ஆண் குழந்தை வளரும்போது எடுப்பது சரியல்ல என்பதே காரணம். சட்னியில், பிரியாணியில் போடும் புதினாவுக்கு இது பொருந்தாது. சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## பட்டை

ஆய்வில் என்ன நடந்தது. பீரியட்ஸ் கேள்விக்கு நேராக வரும் ஆய்வு 2014-ல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்டது. பிசிஓஎஸ் உள்ள 45 பெண்கள், குலுக்கல் முறை, தினமும் 1.5 கிராம் பட்டை அல்லது போலி மாத்திரை, ஆறு மாதம். பட்டைக் குழுவில் மாதத்துக்கு 0.75 மாதவிடாய்ச் சுழற்சி, போலிக் குழுவில் 0.25. அதாவது ஆறு மாதத்தில் சுமார் நாலரை முறைக்கு எதிராக ஒன்றரை முறை. தலைப்புச் செய்தியாகப் பரவியது இந்த எண்தான்.

ஆனால் இன்னொரு எண்ணும் அதில் இருக்கிறது. பட்டை எடுத்தவர்கள் தங்களுடைய பழைய நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்த்தால் மாதத்துக்கு 0.23 சுழற்சிதான் கூடியது. நாலு மாதத்துக்கு ஒரு பீரியட்ஸ் கூடுதலாக வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். உதவிதான், ஆனால் 0.75-க்கும் 0.25-க்கும் உள்ள இடைவெளி காட்டும் அளவுக்குப் பெரியதல்ல.

அதைவிட முக்கியமானது, 45 பேரில் மூன்று மாதம் முடித்தவர்கள் 26 பேர், ஆறு மாதமும் முடித்தவர்கள் 17 பேர். பாதிக்கு மேல் நடுவில் போய்விட்டார்கள். பலன் தெரியாதவர்கள் விலகி, பலன் தெரிந்தவர்கள் தங்கினால் கடைசியில் கிடைக்கும் சராசரி நல்லதாகவே தெரியும். இந்த ஆய்வில் அப்படித்தான் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

வந்த பீரியட்ஸ் எல்லாம் கருமுட்டை வெளியேறிய பிறகு வந்ததா? புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையில் இரண்டு பெண்களுக்கு அது உறுதியானது. குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் இந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டும்.

பருவுக்கு. அதே ஆய்வில் ஆண்ட்ரோஜன் அளவு மாறவில்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காத இன்சுலின் எதிர்ப்புத் தன்மையும் மாறவில்லை. ஈரானில் 2018-ல் 66 பெண்களிடம் அதே 1.5 கிராம் அளவில் 12 வாரம் நடத்திய இன்னொரு ஆய்வில் இன்சுலின் குறைந்தது. ஆக, சர்க்கரை விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பருவுக்காகப் பட்டை சாப்பிடுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பட்டையைத் தேனில் குழைத்து முகத்தில் பூசுவதை விட்டுவிடுங்கள். பட்டையின் மணத்துக்குக் காரணமான பொருள் தோலை எரிக்கும், ஒவ்வாமையும் தரும். சிவந்து தடித்த தோலின் மேல் பருவும் சேர்ந்தால் தழும்புதான் மிஞ்சும்.

கடையில் கிடைப்பது. இங்கேதான் மறைமுகச் செலவு ஒளிந்திருக்கிறது. மளிகைக் கடையில் "பட்டை" என்று கேட்டால் பெரும்பாலும் தருவது காசியா. தடித்த, கருஞ்சிவப்பான, கையால் எளிதில் உடையாத மரப்பட்டைத் துண்டு. இலங்கைக் கருவாப்பட்டை, சிலர் சுருள் பட்டை என்று கேட்டு வாங்குவது, வேறு. வெளிர் பழுப்பு நிறத்தில், காகிதம்போல மெல்லிய பல அடுக்குகள் சுருட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். பொடியாக வாங்கினால் எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

வித்தியாசம் மணத்தோடு முடிவதில்லை. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், கருவாப்பட்டையில் மிகச் சொற்பம். கூமரின் அதிகமாக, நாள் கணக்கில் உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தினசரி எல்லையாக உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிராம் காசியாவில் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின். 60 கிலோ பெண்ணுக்கு எல்லை 6 மில்லிகிராம், அதாவது 2 கிராம் காசியா. ஆய்வில் கொடுத்த 1.5 கிராம் காசியாவாக இருந்தால் 4.5 மில்லிகிராம், எல்லைக்குள்தான். 45 கிலோ கல்லூரி மாணவிக்கோ எல்லையே 4.5, ஒரு சிட்டிகை கூடினாலும் தாண்டிவிடும். வீடியோவில் சொல்வதுபோல் காலையும் மாலையும் ஒரு டீஸ்பூன் என்றால் ஐந்து கிராம், 15 மில்லிகிராம். யாருடைய எல்லைக்கும் அது மேலே. குழம்பில், டீயில் எப்போதாவது போடும் துண்டுக்கு இந்தப் பயம் தேவையில்லை. மாதக்கணக்கில் தினமும் எடுப்பதற்குத்தான் இந்தக் கணக்கு. சோதித்துப் பார்ப்பதென்றால் கருவாப்பட்டையைக் குச்சியாக வாங்கி வீட்டில் பொடித்து, அரை டீஸ்பூனுக்கு சற்று மேல், அதோடு நிறுத்துங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக இதைத் தொடங்கக் கூடாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஸ்பியர்மின்ட் டீ | பட்டை |
|---|---|---|
| ஆய்வில் மாறியது | டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது | பீரியட்ஸ் எண்ணிக்கை கூடியது |
| மாறாதது | முடி வளர்ச்சி மதிப்பெண் | ஆண்ட்ரோஜன் (2014 ஆய்வில்) |
| பரு | அளக்கவில்லை | அளக்கவில்லை |
| நீண்ட ஆய்வு | 30 நாள், 41 பேர் முடித்தார்கள் | 6 மாதம், 45-ல் 17 பேர் முடித்தார்கள் |
| அளவு | தினம் இரண்டு வேளை | தினம் 1.5 கிராம் |
| ஏமாறும் இடம் | வேறு வகைப் புதினா | காசியா, கூடுதல் அளவு |

## யாருக்கு எது

பீரியட்ஸ் 35 நாளுக்கு மேல் தள்ளிப் போவதுதான் முக்கியத் தொல்லை, கர்ப்பம் இல்லை, தைராய்டும் பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டினும் சரியாக இருக்கின்றன, மருத்துவர் பிசிஓஎஸ் என்று உறுதி செய்துவிட்டார் என்றால், அளவோடு கருவாப்பட்டையை ஆறு மாதம் முயன்று பார்ப்பதில் தவறில்லை. உணவு, நடை, மருத்துவர் கொடுத்த மாத்திரை எதையும் நிறுத்தாமல் அதோடு சேர்த்துத்தான்.

ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருக்கிறது, முகத்தில் முடியும் பருவும் சேர்ந்து வருகின்றன, இப்போதைக்குக் கர்ப்பத் திட்டம் இல்லை என்றால் ஸ்பியர்மின்ட் டீ குடித்துப் பார்க்கலாம். முகத்துக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பருவுக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற களிம்புகளுக்கு இதைவிட மிக உறுதியான ஆதாரம் இருக்கிறது (அடாபலீனும் கர்ப்பத்தில் கூடாது). ஆழமான பரு தழும்பாகும் முன்பே தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். டீக்கு என்று கொடுத்த ஆறு மாதத்தில் வந்த தழும்பை அப்புறம் டீயால் போக்க முடியாது.

இரண்டுமே வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. 90 நாளுக்கு மேல் பீரியட்ஸ் வராதவர்கள் அவர்களில் முதல். கருப்பையின் உள்சுவர் உதிராமல் மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல, அதற்குப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை தேவைப்படும். சில மாதங்களிலேயே குரல் தடித்து, முடி வேகமாக வளர்ந்தவர்களுக்குக் காரணம் பிசிஓஎஸ் இல்லாமல் வேறாக இருக்கலாம். குழந்தைக்காக முயல்பவர்களுக்குக் கருமுட்டை வெளியேற வைக்கும் மருந்துகள் இருக்கின்றன, பட்டையில் ஆறு மாதம் போக்குவது அவர்களுக்குப் பெரிய இழப்பு.

## ஒரு கணக்கு

52 கிலோ எடையுள்ள 26 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுழற்சி சராசரியாக 50 நாள், சில சமயம் 42, சில சமயம் 60. தாடையில் பரு. பரிசோதனைகள் முடிந்து பிசிஓஎஸ் என்று உறுதியாகிவிட்டது. கருவாப்பட்டை முயலலாம் என்று நினைக்கிறார்.

முதலில் காலண்டரைத் திறந்து கடந்த ஆறு மாதத் தேதிகளைக் குறித்துக்கொள்கிறார். 180 நாளை 50-ஆல் வகுத்தால் மூன்று அல்லது நாலு பீரியட்ஸ். ஆய்வில் கண்ட அளவு பலன் இவருக்கும் கிடைத்தால் அடுத்த ஆறு மாதத்தில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு கூடும். மூன்றரை, ஐந்தாகும். இரண்டாவது மாதத்திலேயே ஒரு முறை 42-வது நாளில் பீரியட்ஸ் வந்துவிட்டால் "பட்டை வேலை செய்யுது" என்று தோன்றும். ஆனால் 42 நாள் இவருக்குப் பட்டை இல்லாமலும் வந்ததுதான். ஆறு மாதமும் எண்ணாமல் எதுவும் சொல்ல முடியாது.

பட்டை எடுக்கும்போது வேறு புதிதாக எதையும் தொடங்கவில்லை. டீயும் சேர்ந்தால் எது உதவியது, எது நெஞ்செரிச்சல் தந்தது என்று பிரிக்க முடியாது. முகத்துக்குத் தோல் மருத்துவர் எழுதிய களிம்பு மட்டும். மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல் முகத்தின் இரண்டு பக்கமும் படம். பீரியட்ஸ் தள்ளிப் போகும்போதெல்லாம், பட்டை குடித்தாலும் குடிக்காவிட்டாலும், கர்ப்பம் இல்லை என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்கிறார். சுழற்சி சீராகத் தொடங்கினால் கருமுட்டையும் வெளியேறலாம், "எனக்குத்தான் பிசிஓஎஸ் ஆச்சே" என்று பாதுகாப்பை விடக்கூடாது.

இடையில் கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாவது, காரணமில்லாத களைப்பு, வலது மேல்வயிற்றில் வலி, இவற்றில் எது வந்தாலும் பொடியை அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முடிந்து, எண்ணிக்கை பழையபடி மூன்று, நாலாகவே இருந்தால் அத்துடன் நிறுத்திவிட்டு, குறித்து வைத்த தேதிகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அடுத்த வழியைப் பேசலாம். அந்தத் தேதிப் பட்டியல் மருத்துவருக்கும் பயன்படும்.